திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு காரணம்

கூட வேலை பார்ப்பவர் ஒரு வரைவை அனுப்பி, "கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்" என்கிறார். கடிதம், அறிக்கை, துண்டுப் பிரசுரம், பத்திரிகைக் கட்டுரை, எதுவாகவும் இருக்கலாம். பார்த்துக் கொடுப்பவர் மைக்ரோசாஃப்ட் வேர்டில் திறந்து, ட்ராக் சேஞ்சஸ் என்ற வசதியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறார். அடித்த சொற்களின் மேல் கோடு விழுகிறது, சேர்த்த சொற்கள் வேறு நிறத்தில் வருகின்றன. அரைமணி நேரத்தில் பக்கம் முழுக்க வண்ணம். எழுதியவரிடம் திரும்பிப் போகிறது. அவர் எல்லாத் திருத்தங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டு, நன்றி சொல்லி, அச்சுக்கு அனுப்பிவிடுகிறார். அடுத்த மாதம் அவர் எழுதும் வரைவில் அதே தவறுகள் அதே இடங்களில் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. எது மாறியது என்று பார்த்தார். ஏன் மாறியது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ‘ஏன்’ என்பதை எப்படி எழுதுவது என்று காட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். கிராமங்களில் சுகாதாரப் பணி செய்யும் ஒரு சிறு தொண்டு நிறுவனம். குழந்தைகளுக்குப் பேதி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தாய்மார்களுக்குச் சொல்லும் துண்டுப் பிரசுரம் ஒன்றை, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வரைவு இப்படி இருக்கிறது:

"வயிற்றுப்போக்கின்போது உடலில் நீரிழப்பு ஏற்படுவதால் குழந்தைக்கு உடனடியாக ஓ.ஆர்.எஸ். கரைசல் வழங்கப்பட வேண்டும். ஒரு பாக்கெட் தூளானது காய்ச்சி ஆறவைத்த போதுமான அளவு தண்ணீரில் கரைக்கப்பட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் கழித்து மெதுவாகக் கொடுக்கப்பட வேண்டும். ஆகவே பொறுமை அவசியம். கரைசல் 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்பட வேண்டும். துத்தநாக மாத்திரையை 14 நாட்களுக்குக் கொடுக்கலாம்."

தமிழ் பிழையில்லாமல் இருக்கிறது. மருத்துவத் தகவலிலும் பெரிய தவறு இல்லை. ஆனாலும் இதை இப்படியே அச்சடித்தால் ஆபத்து. அது எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்கு இன்னும் தெரியாது.

முதலில் ‘போதுமான அளவு’. திருத்துபவர் அதை அடித்துவிட்டு ‘1 லிட்டர்’ என்று போட்டுவிடலாம். வேலை முடிந்தது. அல்லது ஓரத்தில் ‘தெளிவாக இல்லை’ என்று ஒரு குறிப்பு எழுதலாம். இந்தக் குறிப்பு அலுவலகங்களில் மிகச் சாதாரணமாகப் புழங்குவது. எழுதியவருக்கு மிகக் குறைவாக உதவுவதும் இதுதான். அவருக்கு அது தெளிவாகத்தான் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் என்பது அவர் மனதிலேயே இருக்கிறதே. யாருக்குத் தெளிவாக இல்லை, அதனால் என்ன நடக்கும் என்று சொன்னால்தான் அவரால் தன் வாக்கியத்தை வெளியிலிருந்து பார்க்க முடியும். நான் எழுதுவதாக இருந்தால் குறிப்பு இப்படி இருக்கும்:

"‘போதுமான அளவு’ என்று படிக்கும் அம்மா கைக்குக் கிடைக்கும் டம்ளரில்தான் கலக்குவார். ஒரு லிட்டருக்கான தூளை ஒரு டம்ளரில் கலந்தால் உப்பு மிக அதிகமாகிவிடும். குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புவரை போகலாம். தண்ணீர் கூடிவிட்டாலோ இழந்த உப்பு திரும்பக் கிடைக்காது. கடையில் 1 லிட்டர் பாக்கெட்டும் இருக்கிறது, 200 மில்லி பாக்கெட்டும் இருக்கிறது. எனவே பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பார்க்கச் சொல்லி, அளக்க எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு பாத்திரத்தையும் சொல்ல வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் சரியாக இருக்குமா? வீட்டுக்கு வீடு டம்ளர் மாறும். வாக்கியத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்."

நீளமான குறிப்புதான். ஆனால் அதில் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. படிப்பவர் கையில் அந்தச் சொல் என்ன ஆகிறது என்று முதலில் சொல்கிறது, அதன் விளைவை அடுத்துச் சொல்கிறது. விளைவு தெரிந்ததும், இது சொல் அழகு பற்றிய பேச்சு இல்லை என்று எழுதியவருக்குப் புரிந்துவிடும். இரண்டு அளவு பாக்கெட் இருப்பது அவருக்குத் தெரியாத செய்தியாக இருக்கலாம். அதனால் வெறுமனே ‘1 லிட்டர்’ என்று திருத்தியிருந்தால் திருத்தமே தவறாகப் போயிருக்கும். கடைசியில் வாக்கியத்தை அவரிடமே விட்டுவிடுகிறது. அதை அவர் தன் கையால் எழுதும்போது ‘அளக்க வேண்டிய இடத்தில் அளவும் பாத்திரமும் வர வேண்டும்’ என்பதை யாரும் விதியாகச் சொல்லாமலே பிடித்துக்கொள்வார்.

அமெரிக்காவில் 1925இல் நியூயார்க்கர் பத்திரிகையைத் தொடங்கிய ஹெரால்டு ராஸ், வரைவுகளைப் படித்துவிட்டு எண் போட்டுக் கேள்விகளாக எழுதி அனுப்புவார். அறிமுகம் இல்லாமல் ஒரு பெயர் வந்துவிட்டால், ‘யார் இவர்?’ என்று கேட்பது அவருடைய பேர்போன வழக்கம். பத்திரிகை முதலாளிபோல அதிகாரம் செய்யாமல், தெருவில் போகும் ஒரு வாசகனாக நின்று கேட்டதால்தான் அந்தக் கேள்விக்கு வலு இருந்தது. நம்முடைய குறிப்பும் அந்த இடத்திலிருந்துதான் பேச வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கு எழுதியவரால் தலையாட்ட மட்டும்தான் முடியும். ‘இதைப் படிக்கும் அம்மா டம்ளரை எடுப்பார்’ என்றால் அவரால் யோசிக்க முடியும், மறுக்கவும் முடியும்.

அடுத்து, ‘வழங்கப்பட வேண்டும்’, ‘கரைக்கப்பட வேண்டும்’, ‘கொடுக்கப்பட வேண்டும்’, ‘பயன்படுத்தப்பட வேண்டும்’. நான்கு இடங்கள். திருத்துபவர் நான்கையும் மாற்றிவிட்டால் பிரசுரம் சரியாகிவிடும், எழுதியவருக்கு ஒன்றும் சேராது. முதல் இடத்தில் மட்டும் ‘கொடுங்கள்’ என்று மாற்றி, பக்கத்தில் எழுதலாம்: "இங்கே செய்ய வேண்டியவர் படிக்கிற அம்மா. ‘வழங்கப்பட வேண்டும்’ என்றால் நர்ஸ் வந்து வழங்குவார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் வரும்வரை குழந்தைக்கு நீரிழப்பு கூடிக்கொண்டிருக்கும். படிப்பவரே செய்ய வேண்டியதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். இதே காரணம் கீழே வேறெங்கெல்லாம் பொருந்துகிறது என்று பாருங்கள்."

அந்தக் கடைசி வரி முக்கியம். மீதி மூன்றையும் அவர் தேடிப் போகும்போது ஒரு நல்ல சங்கடம் வரும். ‘கரைக்கப்பட’, ‘கொடுக்கப்பட’ இரண்டும் எளிதாக மாறிவிடும். ‘கரைசல் 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்பட வேண்டும்’ என்பதில் மாட்டிக்கொள்வார். ‘24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள்’ என்று மாற்றினாலும், நேரம் தாண்டியபின் மிச்சத்தை என்ன செய்வது என்பது அதில் இல்லை. அம்மா செய்ய வேண்டிய காரியம், ‘மிச்சம் இருந்தால் மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்’ என்பதுதான். வினைமுற்றை மட்டும் மாற்றினால் போதாது, படிப்பவர் கையில் நடக்கும் செயலைத் தேட வேண்டும் என்பது அங்கேதான் புலப்படும். நான்கையும் திருத்துபவரே மாற்றியிருந்தால் அந்தத் தேடல் நடந்திருக்காது.

இந்தக் குறிப்பில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘செயப்பாட்டு வினை வேண்டாம்’ என்று சுருக்கமாக எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். அப்படி எழுதினால் அடுத்த வரைவில், ‘பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரப்படுகிறது’ என்ற நல்ல வாக்கியத்தையும் அவர் உடைத்து, ‘ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ளவர்கள் பாக்கெட்டை இலவசமாகத் தருகிறார்கள்’ என்று எழுதிக் கொண்டுவருவார். யார் தருகிறார் என்பது அம்மாவுக்குத் தேவையே இல்லாத இடம் அது. காரணம் எதுவரை செல்லும், எங்கே செல்லாது என்பதையும் ஒரு சொல்லிலாவது சேர்க்க வேண்டும். ‘செய்ய வேண்டியவர் படிப்பவராக இருக்கும்போது’ என்ற எல்லையைக் கொடுத்துவிட்டால் போதும். எல்லை இல்லாத காரணம் தவறான இடத்திலும் போய் விழும். நான் பார்த்தவரை, திருத்தங்களால் மோசமாகிப்போன நடைகள் பலவும் இப்படி எல்லை சொல்லாத விதிகளால் வந்தவைதான்.

கடைசி வாக்கியத்துக்கு வருவோம். ‘கொடுக்கலாம்.’ எழுதியவர் மரியாதைக்காகப் போட்டிருப்பார். நாம் எல்லாருமே போடுவோம். குறிப்பு இப்படி இருக்கலாம்: "‘கொடுக்கலாம்’ என்றால் கொடுக்காமலும் இருக்கலாம் என்று ஆகிறது. பேதி சில நாளில் நின்றுவிடும், மாத்திரையையும் அன்றே நிறுத்திவிடுவார்கள். நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை தர வேண்டும் என்பதுதான் சிகிச்சை. அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வருவதைக் குறைப்பது அதுதான். ஆகவே ‘கொடுங்கள்’, கூடவே ‘பேதி நின்றாலும்’. உண்மையிலேயே படிப்பவர் விருப்பத்துக்கு விடுகிற இடத்தில் ‘லாம்’ இருக்கட்டும்." உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் கூட்டாகத் துத்தநாகத்தைப் பரிந்துரைத்தபோது 10 முதல் 14 நாட்கள் என்றன; நம் நாட்டில் 14 நாட்கள் என்று வைத்திருக்கிறார்கள். இந்த விவரத்தைக் குறிப்பில் போடுவதும் நல்லது. எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பது எழுதியவருக்குத் தெரிந்துவிடும்.

இனி ‘ஆகவே பொறுமை அவசியம்’ என்ற வாக்கியம். திருத்துபவருக்கு ‘ஆகவே’ பிடிக்காது, ‘எனவே’ என்று போட்டிருப்பார். பக்கத்தில் காரணம் எழுத உட்காருகிறார். வரவில்லை. ‘நன்றாக ஓடுகிறது’ என்று எழுதலாம், ஆனால் அது காரணம் இல்லை என்று அவருக்கே தெரியும். இந்த இடத்தில் செய்ய வேண்டியது, மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுவதுதான். காரணம் எழுதும் பழக்கம் முதலில் அடக்குவது திருத்துபவரின் கையைத்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நாற்பது திருத்தங்களில் ஒரு பகுதி தானாகவே உதிர்ந்துவிடும். உதிர்ந்தவை எல்லாம் நம் சொந்த ருசி. எழுதியவரின் குரலை நம் குரலாக மாற்றிவிடுவது அவைதான்.

ருசியைச் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம், இது ருசி என்று பெயர் போட்டு. கூகுள் நிறுவனம் தன் மென்பொருள் பொறியாளர்களுக்கு வைத்திருக்கும் வழிகாட்டியில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்லும்போது, சிறிய விஷயம் என்றால் குறிப்பின் தலையிலேயே Nit: என்று போடச் சொல்கிறார்கள். செய்தாலும் சரி, விட்டாலும் சரி என்றால் அதற்கும் ஓர் அடையாளம். எழுதியவர் எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அதில் தெரிந்துவிடும். நாமும் ‘கட்டாயம்’, ‘யோசிக்க’, ‘என் ருசி’ என்று மூன்று சொற்களை வைத்துக்கொள்ளலாம். எழுத்துப் பிழைக்கும் ஒற்றுப் பிழைக்கும் காரணம் எழுத வேண்டாம், பேசாமல் திருத்திவிடுங்கள். ஒரே ஒற்று பத்து இடத்தில் விடுபட்டிருந்தால் மட்டும் ஒரு இடத்தில் சொல்லலாம். நிறுவனத்தின் வழக்கம் என்றால், ‘நாம் நாட்களை எண்ணில் எழுதுகிறோம்’ என்பதே முழுக் காரணம். அதற்கு மேல் தத்துவம் சேர்க்கத் தேவையில்லை.

காரணம் தெரிந்தால் மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதே பேதி மருந்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1980களில் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம், உப்பும் வெல்லமும் கலந்து கரைசல் செய்வதைக் கற்றுக்கொடுக்கத் தன் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. தாய்மார்கள் செய்முறையைச் சரியாக ஒப்பித்தார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் குறைவு. தேடிப் பார்த்தால், கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை; தங்களுக்குப் பேதி வந்தால் அவர்களும் மாத்திரையைத்தான் தேடினார்கள். அவர்களை டாக்காவிலிருந்த பேதி நோய் ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், கரைசல் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக் காட்டினார்கள். அதன்பின் அவர்கள் பேச்சே மாறியது. செய்முறையை மட்டும் வாங்கிக்கொண்ட எழுத்தாளரும் அந்த முதல் நாள் பணியாளர் நிலையில்தான் இருக்கிறார். சொல்லச் சொன்னதைச் சொல்வார். புது இடத்தில் தானே முடிவெடுக்க அவரிடம் எதுவும் இருக்காது.

காரணத்தை எழுதி வைப்பதில் இன்னொரு லாபம், அதை எதிர்த்துப் பேச முடியும். நம் பிரசுரத்தில் ‘காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்’ என்பதைத் திருத்துபவர் ‘சுத்தமான குடிநீர்’ என்று மாற்றுகிறார். காரணமும் எழுதுகிறார்: "எல்லா வீட்டிலும் உடனே காய்ச்ச வசதி இருக்காது. காய்ச்சாமல் கலக்கக் கூடாது என்று நினைத்துக் கரைசலே கொடுக்காமல் விட்டுவிட்டால் அது பெரிய ஆபத்து." எழுதியவர் பதில் எழுதுகிறார்: "சார், நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் போகிற ஊர்களில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற கிணற்றுத் தண்ணீரைத்தான் சுத்தமான தண்ணீர் என்பார்கள். ‘காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்குங்கள், காய்ச்ச வழியில்லை என்றால் வீட்டில் குடிக்கிற தண்ணீரிலேயே கலக்குங்கள், கொடுக்காமல் மட்டும் இருக்காதீர்கள்’ என்று போடலாமா?" இந்த வாக்கியம் இருவர் எழுதியதையும்விட நல்லது. மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். திருத்துபவருக்கு அந்த ஊர்த் தண்ணீர் தெரியாது, எழுதியவருக்குத் தெரியும். காரணம் எழுதாமல் வெறுமனே அடித்து மாற்றியிருந்தால், பெரியவர் சொல்லிவிட்டார் என்று அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார், அந்த அறிவு பிரசுரத்துக்கு வந்தே இருக்காது.

நேரம்தான் தடை, அது உண்மை. ஒரு நல்ல குறிப்பை எழுத ஐந்து நிமிடம் ஆகும், அடித்து மாற்ற ஐந்து விநாடி. மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டிய வரைவில் குறிப்பு எழுதி விளையாட முடியாது. அன்று திருத்தி அனுப்பிவிட்டு, மறுநாள் அதிலிருந்து இரண்டே இரண்டு இடங்களை எடுத்துக் காரணத்தோடு எழுதி அனுப்பலாம். பொதுவாகவே ஒரு வரைவில் இரண்டு மூன்று காரணங்களுக்கு மேல் யார் தலையிலும் தங்காது. எந்த மூன்று என்பதை முதலில் கையில் பேனா இல்லாமல் ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்வது நல்லது. முதல் வரியிலிருந்தே திருத்தத் தொடங்குபவர் ‘வழங்கப்பட’ என்ற சொல்லில் கால்மணி நேரம் செலவழித்துவிட்டு, குழந்தையை எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதே அந்தப் பிரசுரத்தில் இல்லை என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். மலத்தில் ரத்தம், கண் குழிந்துபோதல், குடிக்க முடியாமல் துவண்டு கிடத்தல், இவற்றில் ஒன்றுகூட அந்த வரைவில் இல்லை. கட்டாயம் எழுத வேண்டிய முதல் குறிப்பு அதுதான்.

கற்றுக்கொண்டாரா என்பதை அடுத்த வரைவில்தான் பார்க்க முடியும். வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை பற்றி அவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம்’ என்று வந்திருந்தால், முதல் குறிப்புகள் வேலை செய்திருக்கின்றன. அதே பக்கத்தில், ‘நெல்லிக்காயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றும் கட்டளையாக வந்திருந்தால், ‘லாம்’ வேண்டவே வேண்டாம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். நெல்லிக்காய் கிடைக்காத வீட்டுப் பெண், மாத்திரையையே சாப்பிடக் கூடாதோ என்று நினைத்துவிடக்கூடும். அவருக்கு எழுத வேண்டிய குறிப்பு: "மாத்திரை கட்டாயம், நெல்லிக்காய் கிடைத்தால் நல்லது. இரண்டும் ஒரே குரலில் இருப்பதால் இல்லாதவர்கள் இரண்டையும் விட்டுவிடலாம். போன முறை ‘லாம்’ பற்றிச் சொன்னபோது விருப்பத்துக்கு விடும் இடம் எப்படி இருக்கும் என்று உதாரணம் காட்டவில்லை. இதுதான் அந்த இடம்."